கேட்கிற வாடகையும் கிடைக்கிற வாடகையும்

வளசரவாக்கம், சென்னை
25 மே 2024

மதிப்புக்குரிய ஐயா,

ஜூலை முதல் மாத வாடகை 26,000 ரூபாய், அட்வான்ஸ் அதற்கேற்பப் பத்து மாதம், சம்மதம் இல்லாவிட்டால் ஜூன் 30-க்குள் வீட்டை ஒப்படைக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். ஒப்படைத்துவிடுகிறேன். ஒப்பந்தத்தில் சொல்லியிருக்கிற ஒரு மாத முன்னறிவிப்பாக இந்தக் கடிதத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொல்ல ஒரு வரி போதும். ஆனால் உங்கள் செய்தியில் தொகையோடு காரணங்களும் இருந்தன. ஏரியா ரேட் ஏறிவிட்டது, வீட்டின் மதிப்புக்கு வட்டிகூட வரவில்லை, சொத்து வரி கூடிவிட்டது, மெட்ரோ வரப்போகிறது. இவை உங்கள் சொந்தக் கருத்துகள் மட்டும் அல்ல. இந்தத் தெருவில் வீடு வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்கிறார்கள். வாடகைக்கு இருக்கிற எங்கள் ஆட்களும் இதை நம்பித்தான், முணுமுணுத்துக்கொண்டே கேட்டதைக் கொடுக்கிறார்கள். “வேறு வீடு பார்த்துப் போனால் அதைவிடச் செலவு, பேசாமல் கொடுத்துவிட்டு இரு” என்று என் மைத்துனர்கூடச் சொன்னார். ஆடிட்டர் அலுவலகத்தில் வரவு செலவு பார்த்துப் பிழைக்கிறவன் நான். நீங்கள் வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அதனால் இதைக் கோபதாபம் இல்லாமல் கணக்காகவே பேசலாம் என்று தோன்றியது.

முதலில் உங்கள் பக்கம் இருக்கிற நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். 2018-ல் 14,000 ரூபாய்க்கு இந்த வீட்டுக்கு வந்தேன். இப்போது 18,000 கொடுக்கிறேன். கொரோனா ஆண்டில் நீங்கள் ஏற்றவே இல்லை. அதற்கு அப்போதே நன்றி சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். அதன் பிறகு இந்தப் பக்கம் வாடகை ஏறியிருப்பதும் உண்மை. லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடி, 850 சதுர அடி என்றாலும் 18,000 இன்றைக்குக் குறைவுதான். அதனால்தான் தொலைபேசியில் நானாகவே 20,000 என்று ஆரம்பித்தேன். கொஞ்சம் பேசியிருந்தால் 21,000 வரை வந்திருப்பேன். “இருபத்தாறுன்னா இருபத்தாறுதான் சார், ஏரியா ரேட்டே அதுதான்” என்று வைத்துவிட்டீர்கள். எனவே ஏரியா ரேட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

இணையத்தில் இந்தச் சுற்றுவட்டாரத்து இரண்டு படுக்கையறை வீடுகளைத் தேடினால் 25,000, 26,000, 27,000 என்று வரிசையாக வருவது எனக்கும் தெரியும். நானும் தேடினேன். ஆனால் அந்த எண்கள் வீட்டுக்காரர்கள் கேட்கிற வாடகை. எந்த வாடகைக்குக் கடைசியில் சாவி கைமாறியது என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. நியாயமான வாடகைக்கு வருகிற வீடு விளம்பரத்துக்கே வருவதில்லை. வாட்ச்மேன் காதில் விழும், மளிகைக் கடையில் சொல்லி வைப்பார்கள், மேல்மாடிக்காரரின் தங்கை குடும்பம் வந்து பார்க்கும், அந்த வாரக் கடைசியில் பால் காய்ச்சிவிடுவார்கள். அப்படியே இணையத்தில் ஏறினாலும் இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். அங்கே மாதக்கணக்கில் தங்கியிருப்பவை யாரும் எடுக்காத வீடுகள். ஆக, நீங்கள் ஒரு மாலையில் திறந்து பார்த்தபோது கண்ணில் பட்டவற்றில் பெரும்பகுதி, அந்த விலைக்குப் போகவில்லை என்று ஏற்கெனவே தெரிந்துவிட்ட விலைகள். அவற்றைக் கூட்டி வகுத்து ஏரியா ரேட் என்கிறோம். அதைப் பார்த்து அடுத்த தெருக்காரர் தன் வீட்டுக்கும் அதையே போடுகிறார். அதை நீங்கள் ஆதாரமாக எடுத்துக்கொள்கிறீர்கள்.

கிடைக்கிற வாடகை என்னவென்று தெரிய நம் கட்டடத்தை விட்டு வெளியே போகவே வேண்டாம். இதே அளவுள்ள மூன்றாம் மாடி வீட்டுக்கு ஜனவரியில் குடிவந்தவர்கள் 21,500 கொடுக்கிறார்கள். அவர்களே சொன்னது. அங்கே சமையலறைக்குப் புதிதாக அலமாரிகள் போட்டு, குளியலறை டைல்ஸ் மாற்றிக் கொடுத்தார்கள். நம் வீட்டில் 2010-ல் போட்டதுதான் இன்றைக்கும் இருக்கிறது. 26,000 என்று விளம்பரம் போட்டிருந்த வீட்டையும் போய்ப் பார்த்தேன். லிஃப்ட், கூரையுள்ள கார் நிறுத்தம், எல்லா அறைக்கும் ஏசி இருந்தன. அத்தனையும் இருந்தும், “எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க, பேசலாம்” என்று அவரே கேட்டார். புதிதாக வருகிறவனிடம் பேசலாம் என்கிறார்கள். ஆறு வருடம் இருந்தவனிடம்தான் இதுதான் வாடகை என்று அறிவிக்கிறார்கள்.

ஏனென்றால் புதியவனுக்கு நடையைக் கட்ட ஒரு நிமிடம் போதும். பழையவனுக்குப் பிள்ளையின் பள்ளிக்கூடம், ஆட்டோக்காரர், எரிவாயு இணைப்பு, எல்லா அட்டைகளிலும் ஏறிவிட்ட முகவரி, கட்டிலைப் பிரித்து இறக்கும் கூலி என்று நூறு கட்டுகள். உங்கள் செய்தி எப்போது வந்தது என்று பாருங்கள்: ஆழ்வார்திருநகர் பள்ளியில் இந்த ஆண்டுக்கான கட்டணத்தைக் கட்டி முடித்த பிறகு. நீங்கள் திட்டமிட்டுச் செய்தீர்கள் என்று சொல்லவில்லை. ஒப்பந்தம் ஜூனில் முடிவதால் அப்படி அமைந்துவிட்டது. ஆனாலும் 21,500-க்கும் 26,000-க்கும் நடுவே இருக்கிற 4,500 ரூபாயில் வீட்டுக்கான விலை எதுவும் இல்லை. இவன் கிளம்ப மாட்டான் என்ற நம்பிக்கைக்குப் போட்ட விலை அது. இதைக் கடிதம் எழுதியோ கெஞ்சியோ தவறென்று காட்ட முடியாது. கிளம்பித்தான் காட்ட முடியும்.

இரண்டாவது காரணம்தான் உங்கள் மனதுக்கு நெருக்கமானது என்று தெரிகிறது. “இன்றைக்கு இந்த ஃப்ளாட் 75 லட்சம் போகும். அதை பேங்க்ல போட்டா ஏழு சதவீதம், மாசம் 43,000 வரும். நீங்க குடுக்கிறது பதினெட்டு” என்றீர்கள். வீடு வைத்திருக்கிற எல்லாருக்கும் இந்தக் கணக்கு மனப்பாடம். வாடகைக்காரனுக்குத் தானம் செய்துகொண்டிருக்கிறோம் என்ற எண்ணமே இதிலிருந்துதான் வருகிறது. பெருக்கலில் பிழை இல்லை. ஆனால் அருகருகே வைத்திருக்கிற இரண்டு பொருள்களும் ஒரே இனம் இல்லை.

நீங்கள் இதை 2010-ல் 32 லட்சத்துக்கு வாங்கினதாகச் சொல்லியிருக்கிறீர்கள். 14 ஆண்டில் 75 லட்சம் என்றால், ஆண்டுக்குச் சராசரியாக ஆறு சதவீதத்துக்குச் சற்று மேல் கூட்டு வட்டியில் வளர்ந்திருக்கிறது. வங்கியில் வைப்பாகப் போட்டு மாதாமாதம் வட்டியை எடுத்துச் செலவு செய்திருந்தால், இன்றைக்கும் அது 32 லட்சமாகவே இருந்திருக்கும். 32 லட்சத்துக்கு இன்று இந்தப் பக்கம் என்ன கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். வைப்புத்தொகையில் வட்டி மட்டும்தான் வருமானம். வீட்டில் வருமானம் இரண்டு வழியாக வருகிறது: மாதாமாதம் கைக்கு வருகிற வாடகை, உட்கார்ந்த இடத்திலேயே ஏறுகிற விலை. என் 18,000 ரூபாய் 75 லட்சத்துக்கு ஆண்டுக்கு மூன்று சதவீதம்கூட இல்லைதான். அதோடு அந்த ஆறையும் சேர்த்தால் ஒன்பதுக்குப் பக்கத்தில் வரும். ஏழு சதவீத வைப்போடு ஒப்பிட்டால் நீங்கள் ஏமாந்து போயிருக்கிறீர்களா?

விலையேற்றத்தில் எனக்கு எந்தப் பங்கும் கிடையாது, கேட்கவும் இல்லை. நாளைக்கு இதை ஒரு கோடிக்கு விற்றாலும் ஒப்பந்தப்படி எனக்குக் கிடைப்பது காலி செய்யச் சொல்லும் அறிவிப்பு மட்டும். அப்படியிருக்க, ஏறிய விலை முழுவதற்கும் வட்டியை மட்டும் என்னிடம் கேட்பது எந்த வகையில் சேரும்? நான் விலை கொடுப்பது இரண்டு அறை, ஒரு கூடம், தண்ணீர், பாதுகாப்பு ஆகியவற்றுக்கு. அதாவது இங்கே குடியிருப்பதற்கு. அடியில் இருக்கிற பிரிக்கப்படாத மனைப்பங்கின் விலை 2010-ல் ஒன்று, இன்று ஒன்று. கூடமும் சமையலறையும் அதனால் ஒரு அங்குலமும் நீளவில்லை. 14 ஆண்டு பழசாகத்தான் ஆகியிருக்கின்றன.

வரியையும் பார்த்துவிடலாம், நீங்கள் கணக்கு தாக்கல் செய்கிறவர்தானே. வைப்பு வட்டி முழுவதும் வருமானத்தில் சேரும். வாடகை வருமானத்தில், நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மிச்சத்தில் 30 சதவீதத்தை வருமான வரிச் சட்டம் விட்டுக்கொடுக்கிறது. பழுது பார்த்த ரசீது எதையும் கேட்பதில்லை. ஒரு பைசா செலவழிக்காவிட்டாலும் அந்தக் கழிவு உண்டு. இந்த வீட்டின் வாடகை ஆண்டுக்கு 2,16,000. சொத்து வரி 4,800 போக 2,11,200. அதில் 30 சதவீதம் 63,360 ரூபாய். ஆண்டுதோறும் அவ்வளவு தொகைக்கு உங்களுக்கு வரி கிடையாது. இந்த ஆறு ஆண்டில் வீட்டுக்குள் நீங்கள் செய்த பெரிய செலவு, குளியலறைச் சுவருக்குள் கசிந்த குழாயை மாற்றியதும், மோட்டார் எரிந்தபோது உங்கள் பங்கைக் கொடுத்ததும். “மெயின்டனன்ஸ் எவ்வளவு ஆகுது தெரியுமா” என்று அடுத்த முறை வேறு யாரிடமாவது சொல்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். மாதப் பராமரிப்புத் தொகையாகச் சங்கத்துக்குப் போகிற 1,500 ரூபாயைக் கட்டுகிறவனும் நான்தான்.

சொத்து வரி உயர்ந்தது என்பது பொய்யில்லை. 2022-ல் தமிழக அரசு உயர்த்தியது. அதிகம் உயர்ந்தது சென்னையின் பழைய பகுதிகளில். 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்த நம் பகுதி போன்ற இடங்களுக்கு விகிதம் குறைவு. 600 சதுர அடிக்கு மேல் 1,200 வரை உள்ள குடியிருப்புகளுக்கு 50 சதவீதம். ஐம்பது சதவீதம் என்று காதில் விழுந்தால் பெரிதாகத்தான் இருக்கிறது. இந்த வீட்டுக்கு அரையாண்டுக்கு 1,600 ரூபாயாக இருந்தது 2,400 ஆனது. ஆண்டுக்குக் கூடுதல் 1,600. மாதத்துக்கு 133 ரூபாய். நீங்கள் கேட்கிற உயர்வு மாதத்துக்கு 8,000. மிச்சம் 7,867 ரூபாய்க்கு மாநகராட்சியைக் காரணம் காட்ட முடியாது. இந்த வாதத்தை இதற்கு மேல் நீட்ட ஒன்றுமில்லை.

மெட்ரோ விஷயத்திலும் அப்படித்தான். ஆழ்வார்திருநகரிலும் வளசரவாக்கத்திலும் நிலையம் வருகிறது, சந்தோஷம். வந்து ரயில் ஓடுகிற அன்றைக்கு அதில் ஏறிப் போகிறவன் அதற்கான வாடகையைக் கொடுக்கட்டும். இதுவரை அந்த வேலையிலிருந்து இந்த வீட்டில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது ஆற்காடு சாலைத் தடுப்புகள், ஒருவழியாக்கிய சந்துகள், சன்னலைத் திறந்தால் தூசி. தூசிக்காக யாரும் வாடகையைக் குறைத்ததாக நான் கேள்விப்படவில்லை. தூணின் நிழல் விழுந்ததுமே உயர்த்தத்தான் கேட்கிறார்கள்.

அட்வான்ஸைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை. திரும்பி வருகிற பணம்தானே என்று விட்டுவிடுகிறோம். பெங்களூரையும் சென்னையையும் விட்டால் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கொடுப்பது என்ற பேச்சைக் கேட்டாலே பல ஊர்க்காரர்கள் திகைப்பார்கள். 2018-ல் நான் கொடுத்தது 1,40,000. இப்போது 2,60,000 ஆக்க வேண்டுமென்றால் இன்னும் 1,20,000 கொண்டுவர வேண்டும். உங்கள் ஏழு சதவீதத்தையே இங்கேயும் போடுவோம். 2,60,000-க்கு ஆண்டு வட்டி 18,200, மாதத்துக்கு 1,500 ரூபாய்க்கு மேல். அந்த வட்டி என் கையை விட்டு உங்கள் கைக்கு வருகிறது. ஆக நீங்கள் கேட்பது 26,000 இல்லை, 27,500. வீட்டின் விலைக்கு வட்டி பார்க்கத் தெரிந்த நமக்கு அட்வான்ஸுக்கு வட்டி பார்க்க மட்டும் மறந்துபோகிறது.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. நம் ஒப்பந்தத்தில் பத்து மாதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அதனால் உங்களைக் குற்றம் சொல்லவில்லை. என் அலுவலகத்தில் ஒருவர், “வாடகை அதிகார அமைப்புக்கு மனுப் போடு, இப்படியெல்லாம் ஏற்ற முடியாது” என்றார். அதுவும் பரவலான தப்பு நம்பிக்கைதான். பழைய 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நியாய வாடகையை நிர்ணயிக்க ஒரு வழி இருந்தது. புதிய சட்டம் வாடகையையும் அதன் உயர்வையும் பெரும்பாலும் இரு தரப்பும் எழுதிக்கொள்கிற ஒப்பந்தத்துக்கு விட்டுவிட்டது. இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்ற உச்சவரம்பு அதில் இல்லை. வேடிக்கை என்னவென்றால், பழைய சட்டப்படி மனையின் சந்தை விலையையும் தேய்மானம் கழித்த கட்டட விலையையும் கூட்டி, அதில் குடியிருப்புக்கு ஆண்டுக்கு ஒன்பது சதவீதம் என்று கணக்குப் போட்டால் உங்கள் 26,000-ஐத் தாண்டிப் போய்விடும். ஆகவே சட்டத்தைக் காட்டி உங்களை மிரட்ட என்னிடம் ஒன்றுமில்லை. கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கேட்டது கணக்குக்கு ஒத்துவருகிறதா என்பதுதான் இந்தக் கடிதம்.

இனி, நான் போன பிறகு உங்கள் கைக்கு என்ன வரும் என்று பார்ப்போம். “நீங்க போனா நாளைக்கே ஆள் வரும்” என்றீர்கள். இந்த நம்பிக்கைதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

ஜூன் 30 அன்று சாவி கொடுக்கிறேன். ஆள் இருக்கிற வீட்டை வந்து பார்க்கப் பலர் தயங்குவார்கள், பார்த்தாலும் வண்ணம் அடித்த பிறகு சொல்கிறோம் என்பார்கள். வண்ணம் அடிக்க ஜூலையில் ஒரு வாரம், பத்து நாள். மாத நடுவில் ஆடி பிறந்துவிடும். ஆடியில் புது வீட்டில் பால் காய்ச்ச எத்தனை குடும்பம் வரும்? எனக்கு அதில் நம்பிக்கை உண்டா இல்லையா என்பது வேறு. உங்களிடம் வீடு கேட்டு வருகிறவர்களின் மாமியாருக்கு உண்டு. பள்ளி திறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும், பிள்ளைகள் உள்ளவர்கள் அதற்குள் எங்காவது அமர்ந்திருப்பார்கள். ஆவணி ஆகஸ்ட் நடுவில் பிறக்கும். நல்ல நாள் பார்த்து வந்தாலும் வாடகை ஓடத் தொடங்குவது செப்டம்பர் முதல் தேதியிலிருந்துதான் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு மாதம்.

ஆட்களையும் நீங்களே குறைத்துக்கொள்கிறீர்கள். பேச்சிலர் வேண்டாம், குடும்பம் மட்டும். சைவம் மட்டும். நாலு பேருக்கு மேல் கூடாது. நாய் பூனை கூடாது. வண்டி ஒன்றுதான். வீடு உங்களுடையது, யாரை வைக்கலாம் என்பதில் உங்கள் விருப்பம் இருக்கிறது. (சைவம் மட்டும் என்பதைப் பற்றி எனக்குத் தனிக் கருத்து உண்டு, அதற்கு இது இடமில்லை.) ஆனால் இந்த வட்டாரத்தில் இரண்டு படுக்கையறைக்கு 26,000-ஐ யோசிக்காமல் கொடுக்கக்கூடியவர்கள் யார்? மூன்று நான்கு பேராகச் சேர்ந்து பங்கு போட்டுக்கொள்கிற, வேலைக்குப் போகிற இளைஞர்கள். அவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, ஒரே சம்பளத்தில் வாழ்கிற சிறு குடும்பத்திடம் அவர்கள் கொடுக்கிற வாடகையைக் கேட்கிறீர்கள். விலைக்கு மட்டும் சந்தையைக் கூப்பிட்டுவிட்டு, ஆளுக்குச் சந்தை வேண்டாம் என்றால் அது எப்படி நடக்கும்?

இப்போது எண்கள். என்னோடு 21,000-க்கு முடித்திருந்தால் ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதத்துக்கு 42,000 வந்திருக்கும். அது போயிற்று. வீடு பூட்டிக் கிடக்கிற இரண்டு மாதமும் சங்கத்துக்கான 3,000 உங்கள் தலையில். வண்ணம் பூச 25,000 என்று நீங்களே ஒரு முறை விசாரித்துச் சொன்னீர்கள். மொத்தம் 70,000. தரகர் உங்களிடம் எதுவும் வாங்க மாட்டார் என்றே வைத்துக்கொண்டேன்.

நீங்கள் கேட்கிற 26,000 அப்படியே கிடைத்தால் என் 21,000-ஐவிட மாதம் 5,000 கூடுதல். 70,000-ஐ மீட்க 14 மாதம். அதற்குள் 11 மாத ஒப்பந்தம் முடிந்து, புது ஆளும் உயர்வுக் கடிதத்துக்குக் காத்திருப்பார். 23,000-க்கு இறங்கினால் மாதம் 2,000 கூடுதல். மீட்க 35 மாதம், கிட்டத்தட்ட மூன்று ஆண்டு. மூன்றாம் மாடியை ஒட்டி 22,000-க்கு முடிந்தால் 70 மாதம் ஆகும். நான் இங்கே இருந்ததே ஏறக்குறைய அவ்வளவு காலம்தான். இதே ஆள் அதுவரை மாறாமல், ஒரு மாதம்கூட வீடு காலியாகக் கிடக்காமல் இருந்தால்தான் இந்தக் கணக்கும் நிற்கும். 26,000-க்கு வருகிறவர்கள் சீக்கிரம் மாறுகிறவர்கள். இன்னும் நல்ல வீடு அதே விலைக்குக் கிடைத்ததும் போய்விடுவார்கள். அவர்கள் போகும்போது இந்த 70,000 மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

இதில் ஒரு எண்ணைக் குறைக்க உங்களுக்கு ஆசை வரலாம்: வண்ணம் பூசுகிற செலவை என் அட்வான்ஸில் கழித்துக்கொள்வது. ஒரு மாத வாடகையை “பெயின்டிங்” என்று பிடித்துக்கொள்வது இந்த ஊர் வழக்கம். நம் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இல்லை. நேற்று மறுபடி எடுத்துப் படித்தேன். ஒப்பந்தம் பேசாத இடத்தில், மேலே சொன்ன சட்டத்தின் அட்டவணை சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு சன்னலுக்கு வண்ணம் பூசுவதையும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பில் வைக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், தாழ்ப்பாள், வாஷ் பேசின் போன்ற சில்லறைப் பழுதுகள் குடியிருப்பவர் பொறுப்பு. அவற்றில் குறை இருந்தால் கழித்துக்கொள்ளுங்கள். சின்ன அறைச் சன்னல் கொக்கி ஒன்று உடைந்திருக்கிறது, போவதற்கு முன் மாற்றிவிடுகிறேன். கூடத்துச் சுவரில் என் மகள் கிரேயானால் வரைந்தது இருக்கிறது. அதைத் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. அந்தச் சுவர் ஒன்றுக்கு ஆகிற செலவைத் தாராளமாகப் பிடித்துக்கொள்ளலாம்.

என் பக்கத்துக் கணக்கையும் வைத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் மைத்துனர் சொன்னதற்குப் பதில் இல்லாமல் போகும். ஆழ்வார்திருநகரில் உள்தெரு ஒன்றில் முதல் மாடி, 800 சதுர அடி, 20,500 வாடகை, ஐந்து மாத அட்வான்ஸ் என்று பேசி முடித்திருக்கிறேன். விளம்பரத்தில் கிடைத்ததில்லை, பிள்ளையை விடப் போகிற இடத்தில் காதில் விழுந்தது. அப்படியும் ஒரு தரகர் நடுவில் வந்துவிட்டார். அவருக்கு ஒரு மாத வாடகை 20,500. சாமான் ஏற்றி இறக்க வண்டியும் கூலியும் 8,000. ஏசியையும் தண்ணீர் சுத்திகரிப்பானையும் கழற்றி மாட்ட, திரைச்சீலைக் கம்பி அடிக்க என்று 3,500. மொத்தம் 32,000. உங்கள் வாடகைக்கும் அந்த வாடகைக்கும் வித்தியாசம் மாதம் 5,500. ஆறாம் மாதத்தில் செலவு முழுவதும் திரும்பிவிடும். 11 மாதத்தில் 28,500 ரூபாய் என் கையில் மிஞ்சும். அட்வான்ஸில் குறைகிற 1,57,500-க்கான வட்டி இதில் சேரவில்லை. அடுத்த ஆண்டு உயர்வு 26,000-லிருந்து தொடங்காமல் 20,500-லிருந்து தொடங்கும் என்பதும் இதில் சேரவில்லை. வாடகைக்காரர்கள் அதிகம் கவனிக்காதது இந்தக் கடைசி வரிதான். ஒரு தடவை வலிக்கிற மாற்றுச் செலவைப் பார்த்துப் பயந்து, ஒவ்வொரு மாதமும் கொடுத்து, ஒவ்வொரு ஆண்டும் அதன் மேல் சதவீதம் ஏற்றிக் கொடுக்கிற தொகைக்குச் சம்மதித்துவிடுகிறோம்.

உயர்வு சிறிதாக இருந்தால் மைத்துனர் சொன்னதுதான் சரி. நீங்கள் 22,000 கேட்டிருந்தால், மாறுகிற செலவையும் அலைச்சலையும் பார்த்து நான் கொடுத்துவிட்டு இருந்திருப்பேன், அதில் சந்தேகமில்லை. என்னைக் கொஞ்சம் கூடுதலாகக் கறக்க உங்களுக்கு இடம் இருந்தது. நீங்கள் அந்த எல்லையைத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

இனி நடைமுறை. ஜூன் 30 ஞாயிற்றுக்கிழமை காலை நீங்களோ அம்மாவோ வந்தால் மின் மீட்டரைச் சேர்ந்து பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். அதுவரைக்குமான மின் கட்டணத்தை அங்கேயே கொடுத்துவிடுகிறேன். சங்கப் பாக்கி இல்லை என்ற சீட்டை வாங்கி வைத்திருக்கிறேன். சாவி மூன்று ஜோடி. அட்வான்ஸ் 1,40,000-த்தைத் திருப்பித் தர, வீட்டைக் காலி செய்ததிலிருந்து ஒரு மாதம் சட்டம் அவகாசம் தருகிறது. அன்றைக்கே தந்தால் உபகாரமாக இருக்கும், புது வீட்டுக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்த பிறகு தருகிறேன் என்பதை மட்டும் ஏற்க முடியாது. அடுத்த ஆள் ஆவணியில் வரலாம், ஐப்பசியில் வரலாம். அது உங்களுக்கும் அவருக்கும் உள்ளது.

வீடு பார்க்க வருகிறவர்களை வேலை நாளில் மாலை ஏழு மணிக்கு மேல், ஞாயிறு என்றால் எந்த நேரமும் அனுப்பலாம். காட்டுகிறேன். மதியம் இரண்டு மணிக்கு மேல் கூடத்தில் வெயில் வரும் என்பதையும், மோட்டார் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் கிளம்பும்போது படியில் நின்று, “நீங்க எவ்வளவு குடுத்துட்டு இருந்தீங்க?” என்று கேட்பார்கள். பதினெட்டு என்று சொல்வேன். மேல்மாடியில் எவ்வளவு என்று கேட்டால் அதையும் சொல்வேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இரண்டாம் மாடி வாடகைதாரர்